எரிந்த சரக்கை எண்ணுவது எப்படி?

(ஜவுளி, ரெடிமேட் வியாபாரிகள் கூட்டம் ஒன்றில் ஆடிட்டர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் கணக்கைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் நேராகக் கடைக்குள் போய்விடுகிறேன்.

நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஒரு ரெடிமேட் கடையில் தீப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் போடும் கம்ப்யூட்டரும் போய்விட்டது. இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிறார். அவர் கேட்கும் முதல் கேள்வி, "அன்றைக்குக் கடையில் எவ்வளவு சரக்கு இருந்தது?" என்பதுதான். சாம்பலை எண்ண முடியாது. ஆனால் மூன்று விஷயங்கள் எரியவில்லை. மார்ச் 31 வரைக்குமான பேலன்ஸ் ஷீட் ஆடிட்டரிடம் இருக்கிறது. வாங்கியதும் விற்றதும் ஜிஎஸ்டி போர்ட்டலில் இருக்கிறது. சப்ளையர்களிடம் கேட்டால் பில் நகலும் கிடைக்கும்.

இந்த மூன்றை வைத்துக்கொண்டு இருப்பை மதிப்பிடுவதுதான் மொத்த லாப முறை. ஆரம்ப இருப்பு 40 லட்சம், எட்டு மாதக் கொள்முதல் 130 லட்சம். ஆக, விற்பதற்குக் கையில் இருந்த சரக்கு அடக்க விலையில் 170 லட்சம். விற்பனை 150 லட்சம். எல்லாமே ஜிஎஸ்டி நீக்கிய தொகை. விற்ற சரக்கின் அடக்கம் எவ்வளவு என்று தெரிந்தால் 170-இல் அதைக் கழித்துவிடலாம். அதற்கு லாப விகிதம் வேண்டும்.

முதல் தகராறு இங்கேதான் வரும். முதலாளியிடம் கேட்டால், "25 பர்சென்ட் வைத்து விற்கிறோம் சார்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். 100 ரூபாய்க்கு வாங்கியதை 125-க்கு விற்கிறார். ஆனால் அது அடக்கத்தின் மேல் 25. விற்பனையின் மேல் பார்த்தால் 125-க்கு 25, அதாவது 20 சதவீதம். நம் கையில் இருப்பது விற்பனைத் தொகை, அதனால் 20-ஐத்தான் கழிக்க வேண்டும். அப்படிச் செய்தால் விற்ற சரக்கின் அடக்கம் 120 லட்சம், மீதி இருப்பு 50 லட்சம். அவர் சொன்ன 25-ஐ அப்படியே விற்பனையில் கழித்தால் அடக்கம் 112.5, இருப்பு 57.5. இல்லாத சரக்கு ஏழரை லட்சத்துக்குக் க்ளெய்மில் ஏறிவிடும். சர்வேயர் போன வருட பேலன்ஸ் ஷீட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் கொடுக்கும் எந்தக் காகிதத்தையும் அவர் நம்ப மாட்டார்.

இரண்டாவது, ஆடி. இந்தக் கடைக்காரர் போன வருடம் தள்ளுபடி போடவில்லை. இந்த வருடம்தான் முதல் தடவையாக 10 சதவீதம் போட்டார். 150 லட்சத்தில் 27 லட்சம் ஆடி விற்பனை. அந்தத் துணிகளின் சாதாரண விலை 30 லட்சம், அதன் அடக்கம் 24 லட்சம். மீதி 123 லட்சம் வழக்கமான விற்பனை, அதன் அடக்கம் 98.4 லட்சம். கூட்டினால் 122.4. ஆகவே இருப்பு 50 இல்லை, 47.6 லட்சம். ஒன்றைக் கவனியுங்கள். போன வருடமும் இதே அளவு தள்ளுபடி நடந்திருந்தால் அது அந்த 20 சதவீதத்துக்குள்ளேயே கலந்திருக்கும். அப்போது மறுபடி பிரித்தால் இரட்டைக் கழிவு ஆகிவிடும். சென்ற வருட விகிதம் எப்படி வந்தது என்று பார்க்காமல் அதைத் தூக்கி இங்கே வைக்கக் கூடாது.

அப்புறம் சின்னச் சின்னது. மகள் கல்யாணத்துக்கு முதலாளி கடையிலிருந்தே எடுத்த சேலைகள் விற்பனையில் வராது, ஆனால் கடையிலும் இருக்காது. அவற்றின் அடக்கத்தைக் கொள்முதலில் கழிக்க வேண்டும். நவம்பர் 29 தேதியிட்ட பில் வந்திருக்கும், பேல் இன்னும் லாரி ஆபீஸிலேயே கிடக்கும். அது கடையில் எரியவில்லை. (எரிந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டம் 17(5)(h) சொல்கிறது. பாதிப் பேர் இதை நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.)

இந்த முறைக்கு ஒரு பெரிய குருட்டுப் பக்கம் உண்டு. விற்பனையில் வராததெல்லாம் கடையில் இருக்கிறது என்று அது நம்பிக்கொள்கிறது. வருடத்தின் நடுவில் யாராவது இரண்டு லட்சம் சரக்கைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் அந்த இரண்டு லட்சம் 47.6-க்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இப்போது தீயை விட்டுவிடுவோம். பேங்குக்கு மாதா மாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு மாதமும் கடையைப் பூட்டி எண்ண முடியாது. இதற்குத்தான் சில்லறை விலை முறை. அது போன வருட விகிதத்தைக் கடன் வாங்காது. உங்கள் டேக்கில் இருக்கும் விலையையே பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு நிபந்தனை. சரக்கு வந்த அன்றே அடக்க விலை, விற்பனை விலை இரண்டையும் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

சேலைப் பிரிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆரம்ப இருப்பும் கொள்முதலும் சேர்ந்து அடக்கத்தில் 60 லட்சம், டேக் விலையில் 80 லட்சம். விகிதம் 75 சதவீதம். விற்பனை 50 லட்சம். டேக் விலையைக் குறைத்து எழுதிய வகையில் 4 லட்சம் போனது. 80-இல் 50-உம் 4-உம் போக டேக் விலையில் மீதி 26 லட்சம். அதில் 75 சதவீதம், 19.5 லட்சம். இதுதான் இருப்பு.

அந்த 4 லட்சத்தை மறந்தால் மீதி 30, இருப்பு 22.5 லட்சம் என்று வரும். மூன்று லட்சம் வெறும் காற்று. இன்னொரு தவறு கொஞ்சம் நுட்பமானது. விகிதம் போடும்போதே 80-இல் 4-ஐக் கழித்து 60-ஐ 76-ஆல் வகுத்தால் 79 சதவீதம் வரும், இருப்பு 20.5 லட்சம் ஆகும். கணக்காக அதில் பிழை இல்லை, சராசரி அடக்கம் அப்படித்தான் வரும். ஆனால் விலை குறைக்க வேண்டிவந்த சரக்கின் மதிப்பு விழுந்திருக்கிறது என்பதுதான் உண்மை. குறைப்பை விகிதத்துக்குள் விடாமல் 75-லேயே நிறுத்தினால் அந்த வீழ்ச்சி இருப்பிலேயே தெரியும். என் ஓட்டு 75-க்குத்தான்.

சேலையையும் கவரிங் நகையையும் ஒரே விகிதத்தில் போடாதீர்கள். சேலையில் அடக்கம் 75, கவரிங்கில் 50 என்றால், கவரிங் வேகமாக விற்றுச் சேலை தேங்கும் மாதத்தில் கலந்த விகிதம் இருப்பைக் குறைத்துக் காட்டும். எதிர்மாறாக நடந்தால் கூட்டிக் காட்டும். பிரிவுக்கு ஒரு விகிதம் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கியல் தரம் ஏ.எஸ். 2 இந்தச் சில்லறை முறையை ஒத்துக்கொள்கிறது, விடை உண்மையான அடக்கத்துக்கு நெருங்கி வரும் பட்சத்தில். மொத்த லாப முறைக்கு அந்த அந்தஸ்து இல்லை. அது க்ளெய்முக்கும் இடைக்கால மதிப்பீட்டுக்கும்தான், வருட முடிவுக் கணக்குக்கு இல்லை.

முன் வரிசையில் ஒரு தம்பி, "இதிலாவது திருட்டு தெரியுமா சார்?" என்று கேட்கிறார். தானாகத் தெரியாது. ஆனால் பார்க்க வழி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை கடை சாத்திய பிறகு சேலைப் பிரிவை மட்டும் எண்ணுங்கள். பர்ச்சேஸ் பில்லைத் தேட வேண்டாம், டேக்கைப் படித்துக் கூட்டினால் போதும். எம்.ஆர்.பி.யில் வரி சேர்ந்திருக்கும், அதை மட்டும் நீக்கிவிடுங்கள். கணக்குப்படி 26 லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் 25.2 இருந்தால் டேக் விலையில் 80 ஆயிரம் குறைகிறது. உடனே பையன்களைச் சந்தேகப்பட வேண்டாம். பதியாமல் விட்ட தள்ளுபடி இருக்கிறதா, வாடிக்கையாளர் மாற்றிக்கொண்ட சேலைக்கு ரிட்டர்ன் பில் சரியாகப் போட்டார்களா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து குறை அப்படியே நின்றால், அடுத்த வாரம் பக்கத்துப் பிரிவையும் எண்ணுங்கள்.