எழுதாத முகவரி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டிலிருந்தபடியே ஒரு தொழில் செய்து, அதற்கென இணையத்தில் ஒரு பக்கமும் வைத்திருக்கும் பெண்களிடம், "உங்கள் வீட்டு முகவரி அந்தப் பக்கத்தில் இருக்கிறதா?" என்று கேட்டால், "இல்லை, நான் எங்கும் எழுதவில்லை" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அவர்கள் சொல்வது உண்மையே. ஆயினும் அந்தப் பக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் அறியாத ஒருவர் அவர்களுடைய வாசலுக்கு வந்துவிட முடிகிறது. எழுதாத முகவரி எப்படி வெளியே போகிறது, அதை எங்கெங்கே தடுக்கலாம் என்பதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

குழந்தைகளுக்கு உடை தைத்து விற்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இவர் கற்பனைப் பாத்திரம்தான். இவர் செய்யும் பிழைகள் கற்பனையல்ல, பல பக்கங்களில் பார்த்துச் சேர்த்தவை. இவருடைய பக்கத்தில் கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் இருக்கின்றன. தைத்த சட்டைகளை மகளுக்கு அணிவித்துப் படம் எடுத்துப் போடுகிறார். தன் பெயரைக்கூட அவர் வெளியிடவில்லை.

இப்போது அந்நியர் ஒருவர் அந்த எண்ணைத் தன் கைப்பேசியில் சேமிக்கிறார். அது இவர் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் சொந்த எண். ஆகவே வாட்ஸ்அப்பில் குடும்பப் படம் தெரிகிறது. அந்நியரின் கைப்பேசியிலுள்ள எண்களைச் சமூக வலைத்தளச் செயலி எடுத்துக்கொண்டு, "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று இவருடைய சொந்தக் கணக்கைக் காட்டுகிறது. அங்கே முழுப் பெயர் இருக்கிறது. கணவரின் கணக்கு இணைக்கப்பட்டிருக்கிறது. கணவரின் கணக்கில் அவர் வேலை பார்க்கும் இடம் இருக்கிறது. திரும்பக் கடைப் பக்கத்துக்கு வந்தால், ஒரு படத்தில் மகளின் பள்ளிச் சீருடை கொடியில் காய்கிறது. இன்னொன்றில் மொட்டைமாடிக்குப் பின்னால் ஒரு கோபுரம் தெரிகிறது. போதாக்குறைக்கு உறவுக்காரப் பெண் ஒருவர், "போன வாரம் உங்க வீட்டுக்கு வந்தப்பவே பார்த்தேன், பூங்காவுக்கு எதிர்ல திரும்பும்போதே மெஷின் சத்தம் கேட்டுச்சு" என்று அன்போடு எழுதியிருக்கிறார். இவற்றில் எதுவும் தனியாக நின்றால் முகவரி ஆகாது. அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒரு தெருவும் ஒரு வாசலும் கிடைத்துவிடுகின்றன.

சரிசெய்வதை எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் தொழிலையும் குடும்பத்தையும் முடிச்சுப் போடும் இழை அதுதான். தொழிலுக்கென்று தனி எண் வாங்கி, அதை வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பதிவு செய்துகொள்ளலாம். இரண்டு சிம் போடும் கைப்பேசியில் வழக்கமான வாட்ஸ்அப்பும் பிசினஸ் செயலியும் வெவ்வேறு எண்களில் ஒரே நேரத்தில் இயங்கும். அந்தச் செயலியின் தொழில் விவரப் பகுதியில் முகவரிக்கும் வரைபடப் புள்ளிக்கும் இடம் விட்டிருப்பார்கள். காலியாக விட்டால் ஏதோ குறைபோலத் தோன்றும். தோன்றட்டும், காலியாகவே விடுங்கள். புதிய எண்ணை உங்கள் சொந்தச் சமூக வலைத்தளக் கணக்குகள் எதிலும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பழைய முடிச்சு மறுபடியும் விழுந்துவிடும்.

பழைய எண்ணையும் அப்படியே விட்டுவிட முடியாது. பக்கத்தில் இருந்து அதை நீக்கினாலும், இதுவரை வாங்கியவர்களின் கைப்பேசிகளில் அது இருக்கிறது. எனவே அந்த எண்ணிலுள்ள வாட்ஸ்அப் கணக்கில் சுயவிவரப் படம், கடைசியாக இணைந்த நேரம், ஸ்டேட்டஸ் ஆகியவற்றைத் தொடர்பிலுள்ளவர்கள் மட்டுமே பார்க்கும்படி மாற்ற வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. தொடர்பிலுள்ளவர்கள் என்று அந்தச் செயலி கருதுவது, உங்கள் கைப்பேசியில் நீங்கள் பெயர் போட்டுச் சேமித்திருக்கும் எல்லோரையும்தான். வாடிக்கையாளர்களை "பச்சைச் சட்டை அக்கா", "இரண்டு கவுன் ஆர்டர்" என்றெல்லாம் அதே கைப்பேசியில் சேமித்து வைத்திருந்தால், அவர்களுக்கும் உங்கள் குடும்பப் படம் தெரியும். அந்தப் பெயர்களை நீக்கிய பிறகே இந்த மாற்றத்துக்குப் பயன் இருக்கும். ஃபேஸ்புக்கில், தொலைபேசி எண்ணைக் கொண்டு உங்களை யார் தேடலாம் என்ற அமைப்பையும் குறுக்கிவிடுங்கள். பழைய எண்ணை அடியோடு கைவிட நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: கைவிட்ட எண் நாளடைவில் வேறொருவருக்குப் போகும், அதற்கு வரும் வங்கியின் ரகசிய எண்களும் அவரிடம் போகும். குடும்பத்துக்கென்று அதை வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது படம். கைப்பேசிக் கேமராவில் இருப்பிட வசதி இயங்கினால், படக் கோப்புக்குள் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகும். தசமப் புள்ளிக்குப் பின் 4 இலக்கங்கள் இருந்தாலே ஏறத்தாழ 11 மீட்டருக்குள் இடம் புலப்பட்டுவிடும், அதாவது எந்த வீடு என்பது வரை. இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் தாங்கள் வெளியிடும் பிரதியிலிருந்து இதை நீக்கிவிடுகின்றன. சிக்கல் வேறிடத்தில் வருகிறது. "படம் தெளிவாக இல்லை, அசல் படத்தை அனுப்புங்கள்" என்று ஒருவர் கேட்க, நீங்கள் அதைக் கோப்பாகவோ மின்னஞ்சலிலோ அனுப்பினால், உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே அவரிடம் போய்ச் சேரும். கேமராவின் அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டால் இனி எடுப்பவற்றுக்குக் கவலையில்லை. முன்பு எடுத்தவற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். அவற்றைக் கோப்பாக அனுப்பாமல் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்புவதே எளிய வழி.

கோப்புக்குள் இருப்பதைவிடப் படத்துக்குள் இருப்பதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே வீட்டில் ஒரு மூலையைப் படத்துக்கென்றே ஒதுக்கி, வெறும் சுவரோ ஒரு நிறத் துணியோ பின்னணியாக இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். சன்னல் படம் எடுப்பவரின் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும்; அப்போது வெளிச்சமும் துணியின்மேல் நன்றாக விழும், வெளிக்காட்சியும் படத்தில் வராது. கண்ணாடி வேண்டாம். பொட்டலம் கட்டும் காணொளியில் முகவரிச் சீட்டை ஒட்டுவதற்கு முன்பே பதிவை நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் அதில் உங்கள் முகவரி மட்டுமல்ல, நம்பி வாங்கியவரின் முகவரியும் இருக்கிறது.

மகளை மாதிரியாக நிறுத்துவதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். குழந்தை அணிந்தால் உடை விற்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவளுடைய முகம், பெயர், "இன்று எங்கள் செல்லத்துக்கு ஏழு வயது" என்று தேதியோடு போட்ட வாழ்த்து, பள்ளிச் சீருடை ஆகிய நான்கும் ஒரே பக்கத்தில் சேர்ந்தால், பள்ளி வாசலில் நின்று அவளைப் பெயர் சொல்லி அழைக்க ஓர் அந்நியருக்கு வேறெதுவும் தேவையில்லை. கழுத்துக்குக் கீழே எடுக்கலாம், முதுகுப் பக்கம் எடுக்கலாம், தையற்காரர் பொம்மைக்கு அணிவித்து எடுக்கலாம். ஏற்கெனவே போட்டவற்றை ஓர் இரவில் உட்கார்ந்து நீக்கத்தான் வேண்டும்.

உறவினர்களின் கருத்துகளை என்ன செய்வது? ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, சொன்னால் மனத்தாங்கல் வரும். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக் பக்கங்களிலும், குறிப்பிட்ட சொற்கள் வரும் கருத்துகளைத் தானாக மறைக்கும் வசதி இருக்கிறது. வசைச் சொற்களுக்காக வைத்த வசதி அது. உங்கள் தெருப் பெயர், வீட்டுப் பெயர், பள்ளியின் பெயர், பிள்ளைகளின் பெயர்கள் ஆகியவற்றை அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தமிழெழுத்தில் ஒரு முறையும், நம்மவர்கள் ஆங்கில எழுத்தில் எழுதும் இரண்டு மூன்று விதங்களிலும் சேர்க்க வேண்டும். பெயரில்லாமல் அடையாளம் மட்டும் சொல்லும் கருத்து இதற்குச் சிக்காது. அந்தப் பூங்கா அத்தையின் கருத்தைக் கையால்தான் நீக்க வேண்டும்.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்ய விரும்புபவர்கள், தங்கள் தொழிலை வாடிக்கையாளர் வந்துபோகும் இடமாகக் காட்டாமல், சேவை வழங்கும் பகுதியாக அமைத்துக்கொள்ளலாம். உரிமையைச் சரிபார்க்க முகவரியைக் கேட்பார்கள், ஆனால் பொதுவில் அது தெரியாது. 20 பகுதிகள் வரை குறிக்கலாம். பேட்டையின் பெயரைக் குறிக்காமல் ஊர் முழுவதையும் குறிப்பது நல்லது. வாடிக்கையாளர் யாராவது ஆர்வத்தில் உங்கள் வீட்டின் மேல் கடைப் புள்ளியை வைத்துவிட்டால், அது பொதுமக்கள் வரும் இடமல்ல என்று தெரிவித்து நீக்கக் கோர வேண்டும். "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று குறித்தால் போதும் என எண்ணாதீர்கள். அப்படிக் குறித்தாலும் புள்ளி வரைபடத்தில் நிற்கக்கூடும்.

பொட்டலத்தின் மேல் அனுப்புநர் முகவரி எழுதியாக வேண்டும் என்பது உண்மையான தடை. அஞ்சலகப் பெட்டி எண், கூரியர் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்புபவற்றை அங்கேயே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு, முகவரியை வாடகைக்குத் தரும் வணிக மையம் ஆகியவை வழிகள். முகவரியை வெளியிட்டே ஆக வேண்டும் என்று விற்பவரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் சில நாடுகளில் உண்டு. அங்கே வெறும் பெட்டி எண் செல்லாமல் போகலாம், ஆதலால் வணிக மையமே மிஞ்சும். அதற்குச் செலவாகும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இவ்வளவும் செய்தபின் சோதித்துப் பாருங்கள். உங்கள் கைப்பேசியில் தேடினால் உங்களுக்குப் பழக்கமானதையே அது காட்டும், எனவே பயனில்லை. உங்கள் வீட்டுக்கு இதுவரை வந்திராத, உங்கள் சொந்தக் கணக்கோடு இணையாத ஒரு தோழியிடம் கடைப் பெயரை மட்டும் கொடுத்து, அரை மணி நேரத்தில் என்னென்ன தெரிகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தொழில் எண்ணைச் சேமித்துப் பார்க்கட்டும். பக்கத்திலுள்ள படமொன்றைப் படத்தேடலில் போட்டுப் பார்க்கட்டும், ஏனென்றால் ஒரே படத்தைச் சொந்தக் கணக்கிலும் கடைப் பக்கத்திலும் போட்டிருந்தால் இரண்டும் அங்கே ஒட்டிக்கொள்ளும். அவர் தரும் தாளில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் நல்லது. தெருப் பெயரோ பிள்ளையின் பெயரோ இருந்தால், அது எங்கே கிடைத்தது என்று கேட்டு, அந்த வழியை முதலில் அடைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.