பாசிட்டிவ் வந்தது; நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு?

நண்பர்களே, ஒரு பரிசோதனையின் உணர்திறன் 90 சதவீதம், தனித்தன்மை 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ள 100 பேரில் 90 பேருக்கு பாசிட்டிவ் வரும். நோய் இல்லாத 100 பேரில் 5 பேருக்கும் தவறாக பாசிட்டிவ் வந்துவிடும். 90-ஐ 5-ஆல் வகுத்தால் 18. இதுதான் பாசிட்டிவ் முடிவின் லைக்லிஹுட் ரேஷியோ.

இந்த 18-ஐ எதோடு பெருக்குவது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பரிசோதனைக்கு முன் ஒருவருக்கு நோய் இருக்க 2 சதவீத வாய்ப்பு என்றால், 2-ஐ 18-ஆல் பெருக்கி 36 சதவீதம் என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. முன்வாய்ப்பு 30 சதவீதமாக இருந்தால் அதே கணக்கு 540 சதவீதம் என்று வந்து நிற்கும். அப்படி ஒரு வாய்ப்பு கிடையாது.

பெருக்க வேண்டியது ஆட்ஸை, அதாவது நோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உள்ள விகிதத்தை. 2 சதவீதம் என்றால் 2-க்கு 98. சுருக்கினால் 1-க்கு 49. இடப்பக்கத்தை மட்டும் 18-ஆல் பெருக்குங்கள்: 18-க்கு 49. பாசிட்டிவ் வந்தவர்களை 67 பங்காகப் பிரித்தால், 18 பங்கினருக்கு நோய் உண்டு, 49 பங்கினருக்கு இல்லை என்று பொருள். ஆகவே வாய்ப்பு 18-ஐ 67-ஆல் வகுத்தது, சுமார் 27 சதவீதம். அவசரத்தில் 18-ஐ 49-ஆல் வகுத்துவிடாதீர்கள். அங்கே 37 என்று தவறான விடை வரும்.

இதே பரிசோதனையை, அறிகுறிகளோடு வந்த ஒருவருக்குச் செய்கிறோம். அவருக்கு முன்வாய்ப்பு 30 சதவீதம். ஆட்ஸ் 3-க்கு 7. பெருக்கினால் 54-க்கு 7. 54-ஐ 61-ஆல் வகுத்தால் சுமார் 89 சதவீதம். பரிசோதனை மாறவில்லை, 18-உம் மாறவில்லை. யாருக்குச் செய்தோம் என்பது மட்டும் மாறியது. முன்வாய்ப்பைக் கேட்காமல் பாசிட்டிவ் தாளைப் படிக்கவே கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த 18 எங்கிருந்து பலம் பெறுகிறது என்றும் பாருங்கள். உணர்திறனை 90-லிருந்து 99-ஆக உயர்த்தினால், 18 என்பது 19.8 ஆகிறது, அவ்வளவுதான். தனித்தன்மையை 95-லிருந்து 99-ஆக உயர்த்தினாலோ, 90-ஐ 1-ஆல் வகுக்கிறோம். 18 ஒரேயடியாக 90 ஆகிவிடுகிறது. வகுக்கும் எண்ணாக இருப்பது தவறான பாசிட்டிவ். அது சிறுத்தால் விகிதம் பாய்ந்து ஏறும். அதனாலேயே, தனித்தன்மையை அளந்ததில் ஒரு சதவீதப் பிழை இருந்தாலும் விடை வெகுவாக மாறிவிடும்.

இரண்டாம் முறையும் பாசிட்டிவ் வந்தால் மறுபடி 18-ஆல் பெருக்கலாமா? முதல் தவறு ஏன் வந்தது என்பதைப் பொறுத்தது அது. மாதிரிகள் இடம் மாறியதால் வந்திருந்தால், புதிய மாதிரியில் அது பெரும்பாலும் திரும்ப வராது. ஆனால் அந்த நபரின் ரத்தத்தில் உள்ள வேறொரு எதிர்ப்பொருள் பரிசோதனையை ஏமாற்றியிருந்தால், எத்தனை முறை செய்தாலும் அதே ஏமாற்றம்தான். அப்போது வேறு முறையில் இயங்கும் பரிசோதனையைச் செய்து, அதற்குரிய விகிதத்தால் பெருக்க வேண்டும்.