தூக்க மாத்திரை போடும் தாய் பால் கொடுக்கலாமா? பாலுக்கு முன்னால் பாயைப் பாருங்கள்

கேள்வி: "டாக்டரம்மா, மகளுக்குத் தலைப்பிரசவம், எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். எட்டாம் மாதத்தில் தூக்கமே இல்லை என்று டாக்டர் லோராசெபாம் 1 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார். பேரன் பிறந்து மூன்று வாரம் ஆகிறது, இப்போதும் இரவில் ஒன்று போடுகிறாள். பால் வழியாகப் பிள்ளைக்கு மயக்கம் வருமா? மாத்திரையை நிறுத்துவதா, பாலை நிறுத்துவதா?" – தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி.

ஆச்சி, நீங்களாக இரண்டில் எதையும் நிறுத்த வேண்டாம். இந்தக் கேள்வியைப் படித்த நாளிலிருந்து அது என் மனத்தை விட்டு அகலவில்லை. பிள்ளையின் மயக்கத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் வீட்டில், மகள் இன்னும் ஏன் தூங்கவில்லை என்ற கேள்வி எழவே இல்லையே என்பதுதான் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன். நீங்கள் கேட்டதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்.

தாயின் எடைக்கு ஏற்ப அவள் உட்கொள்ளும் அளவில், பால் வழியாகப் பிள்ளைக்கு அதன் எடைக்கு ஏற்ப எத்தனை சதவீதம் போய்ச் சேருகிறது என்பதை வைத்துத்தான் நாங்கள் கணக்குப் பார்க்கிறோம். 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பாலைத் தொடரலாம் என்பது வழக்கம். லோராசெபாமுக்கு இது சுமார் 3 சதவீதம். உங்கள் மகளின் எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் போடும் 1 மில்லிகிராம் என்பது கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அதில் 3 சதவீதம் 0.6 மைக்ரோகிராம். பேரனின் எடை 3 கிலோ என்றால், நாள் முழுவதும் குடிக்கும் பாலில் அவனுக்குச் சேருவது 1.8 மைக்ரோகிராம், அதாவது அந்த மாத்திரையில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. நிறைமாதத்தில் பிறந்து நன்றாகப் பால் குடிக்கும் பிள்ளையை இந்த அளவு மயக்கத்தில் ஆழ்த்துவது அரிது. 2012-இல் கனடாவின் டொராண்டோவிலிருந்து வெளியான ஆய்வில், இந்த வகை மாத்திரைகளை எடுத்துக்கொண்டே பால் கொடுத்த 124 தாய்மார்களின் பிள்ளைகளில் இருவருக்கு மட்டுமே மயக்கம் காணப்பட்டது. மயக்கம் தரும் மருந்துகளைத் தாய் எத்தனை சேர்த்து எடுக்கிறாள் என்பதோடுதான் அது தொடர்புற்றிருந்தது.

எல்லாத் தூக்க மாத்திரையும் ஒன்றல்ல என்று முந்தைய பதிவுகளில் அரை ஆயுளைப் பற்றிப் பேசும்போது சொல்லியிருக்கிறேன். உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் லோராசெபாமுக்கு ஏறத்தாழ 12 மணி. அது உடைந்த பிறகு வேலை செய்யும் துணைப்பொருள் எதுவும் மிஞ்சுவதில்லை. டயசெபாம் அப்படியன்று. அதன் அரை ஆயுளே ஒரு நாளுக்கு மேல். அது உடைந்து உருவாகும் பொருளும் மயக்கம் தரக்கூடியது, பல நாட்கள் தங்கக்கூடியது. பச்சைப் பிள்ளையின் கல்லீரல் முதிராதது என்பதால், தினந்தோறும் சேரும் சிறு அளவும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தேங்கிவிடுகிறது. ஆகவே முதல் ஆறு மாதங்களில் தாய்க்கு இந்த வகையில் ஒன்று தேவைப்பட்டே தீருமானால், டயசெபாமைவிட லோராசெபாமையே நான் விரும்புவேன்.

பிள்ளைக்கு மயக்கம் இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுகொள்வது? தூங்குவதை வைத்து அல்ல. மூன்று வாரப் பிள்ளை பகலிலும் இரவிலும் தூங்கத்தான் செய்யும். பசிக்கு அதுவாக எழுகிறதா என்று பாருங்கள். ஒரு நாளில் எட்டு முறையாவது குடிக்க வேண்டும், ஆறு முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். மார்பில் வைத்தவுடன் நான்கு முறை உறிஞ்சிவிட்டு வாயில் பாலோடு கண் செருகினால், கையைத் தூக்கி விட்டால் துவண்டு விழுந்தால், பாதத்தைச் சுண்டினாலும் அழாமல் இருந்தால், அன்றே குழந்தை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பிறந்த ஒன்பதாம் நாள் காரைக்குடியில் என்னிடம் கொண்டு வந்தார்கள். பிறந்தபோது 2.9 கிலோ, அன்று 2.6 கிலோ. முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்பு. ஆனால் ஒன்பதாம் நாளில் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். தாய் கர்ப்பகாலம் முதல் இரவில் டயசெபாம் 10 மில்லிகிராம் போட்டு வந்தார், சிசேரியன் வலிக்கு டிராமடாலும் சேர்ந்திருந்தது. சோர்ந்த பச்சைப் பிள்ளையை மருந்து மயக்கம் என்று எண்ணிச் சும்மா இருந்துவிடக் கூடாது என்பதால், முதலில் இரத்தச் சர்க்கரை, மஞ்சள் காமாலை, கிருமித்தொற்று ஆகியவற்றைச் சோதித்தோம். எல்லாம் சரியாக இருந்தன. "பிள்ளைக்கு வேறு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டபோது அப்பத்தா தயங்கித் தயங்கி, காலையும் மாலையும் உரைமருந்து என்றார். உரைகல்லில் ஜாதிக்காயை எத்தனை சுற்று உரைப்பீர்கள் என்றேன். பிள்ளை இரவில் அழுததால் வழக்கத்தைவிட நன்றாகவே உரைத்தேன் என்றார். ஜாதிக்காய் மயக்கம் தரக்கூடிய பொருள். அந்தச் சிறிய உடலில் மூன்று பக்கமிருந்தும் மயக்கம் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. உரைமருந்தை அன்றே நிறுத்தினோம், வலி மருந்தைப் பாராசிட்டமாலாக மாற்றினோம், டயசெபாமைப் படிப்படியாகக் குறைத்தோம். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை பிள்ளையை எழுப்பி, மார்பில் இழுக்கத் திணறினால் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கச் சொன்னோம். நான்காம் நாள் பிள்ளை தானாகப் பசித்து அழுதது; அடுத்த வாரம் பிறந்த எடையைத் தாண்டியது. தாய்ப்பாலை ஒரு நாளும் நிறுத்தவில்லை.

எட்டாம் மாதம் முதல் போட்ட மாத்திரை கருவைப் பாதித்திருக்குமா என்ற அச்சமும் உங்களுக்கு இருக்கும். நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவது பாலில் போவதைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவத்தை ஒட்டித் தொடர்ந்து போட்டிருந்தால், பிறந்த முதல் நாட்களில் பிள்ளை துவண்டு கிடக்கலாம், மூச்சு மந்தமாகலாம். அல்லது மருந்து விட்டுப்போனதால் நடுக்கமும் அடங்காத அழுகையும் வரலாம். பிரசவம் பார்க்கும் மருத்துவமனையில் மாத்திரையின் பெயரை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். உங்கள் பேரன் மூன்று வாரம் நலமாகக் கடந்துவிட்டான் என்றால் அந்தக் கட்டம் பெரும்பாலும் முடிந்தது.

இனி, இந்தப் பதிவுகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன என் பேச்சு: பாலைப் பார்ப்பதற்கு முன்னால் பாயைப் பாருங்கள். மாத்திரை போட்ட தாயின் பாலைவிட, மாத்திரை போட்டுவிட்டுப் பிள்ளையை அணைத்தபடி உறங்கும் தாயின் கைதான் எனக்குப் பெரிய கவலை. சாதாரணமாகத் தாய் உறக்கத்திலும் பிள்ளையின் அசைவை உணர்வாள். மாத்திரை அந்த உணர்வை மழுங்கடித்துவிடும். பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையின் முகத்தில் முந்தானையோ தலையணையோ விழுந்தாலும், அவளே பிள்ளைமேல் புரண்டாலும் தெரியாது. எனவே மாத்திரை போடும் இரவுகளில் பேரன் தாயின் பாயில் படுக்கக் கூடாது. கெட்டியான, தட்டையான தனிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வேண்டும். ஏணையிலும் இரவு முழுவதும் விட வேண்டாம். மூன்று வாரப் பிள்ளையின் மோவாய் நெஞ்சில் படிந்து மூச்சுக்குழல் மடங்கக்கூடும்.

நம் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது இந்த இடத்தில் பெரிய பலம். ஒன்பதரை மணிக்கு மகள் பால் கொடுத்துவிட்டு மாத்திரை போடட்டும். அதன்பின் பிள்ளை உங்கள் பொறுப்பு, ஆச்சி. அடுத்த முறை அழும்போது, முன்பே பீய்ச்சிக் குளிர்ப்பெட்டியில் வைத்த பாலை வெந்நீரில் நிறுத்தி வெதுவெதுப்பாக்கிப் பாலாடையில் கொடுங்கள். அறையில் வைத்த பால் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்கான கணக்கு. சித்திரை வெயிலில் நம் வீடுகளுக்கு அது பொருந்தாது. மார்பிலேயே கொடுப்பதானால் நீங்கள் பக்கத்தில் அமர்ந்திருந்து, குடித்து முடித்ததும் பிள்ளையை வாங்கித் தனியே படுக்க வையுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பிள்ளை தூங்கி, பார்த்துக்கொள்ள நீங்களும் இருக்கும்போது மகள் தூங்குகிறாரா? தூங்குகிறார் என்றால் அவருடையது பச்சைப் பிள்ளைக்காரிக்கு இயல்பான தூக்கக் குறைவு. அதற்கு மருந்து உங்கள் உதவிதான், எழுதிக்கொடுத்தவரிடம் பேசி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். வாரக்கணக்கில் போட்டதைத் திடீரென்று விட்டால் தூக்கமின்மை முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். பதற்றமும் நடுக்கமும், சிலருக்கு வலிப்பும்கூட வரும். படுத்தவுடன் கால் உளைச்சலால் காலை அசைத்துக்கொண்டே இருக்கிறார் என்றால் இரத்தத்தில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு இது அதிகம், அதற்குத் தூக்க மாத்திரை விடையாகாது.

பிள்ளை தூங்கும்போதும் அவர் கண்ணை மூட முடியாமல் விழித்துக் கிடந்தால் அது வேறு கதை. பிரசவத்துக்குப் பின்வரும் மனச்சோர்வுக்கு இது முன்னறிவிப்பாக இருக்கலாம். அதைக் கவனியாமல் விட்டால் தாய் பிள்ளையிடமிருந்து மனத்தளவில் விலகுவாள், பால் கொடுப்பதே நின்றுபோகும். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வரும் கடுமையான மனக்குழப்பமும் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், தூக்கம் அறவே நின்றுபோவதில்தான் தொடங்குகிறது. அத்தகைய தாய்க்குப் பிள்ளையை எண்ணி மாத்திரையைப் பிடுங்கிவிடுவது, 1.8 மைக்ரோகிராமுக்குப் பயந்து இருவரையும் ஆபத்தில் தள்ளுவதாகும்.

ஆகவே இன்றிரவு பேரனை உங்கள் அறையில் படுக்க வைத்து, மகள் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று பாருங்கள். தூக்கமே தேவையில்லை என்று அவர் சுறுசுறுப்பாக இருந்தாலோ, ஓயாமல் பேசினாலோ, பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பதுபோலச் சந்தேகப்பட்டாலோ, தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்வதாகப் பேசினாலோ, பொழுது விடியக் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள். அப்படி எதுவும் இல்லாமல் தூக்கம் மட்டும் வரவில்லை என்றால் இந்த வாரமே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலிமானஸ் எனும் அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். போகும்போது மாத்திரை அட்டையையும், பிள்ளையின் எடை குறித்த அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.