அஞ்சு தடவை அளந்தா எவ்வளவு நிச்சயம்?

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கலாம்னு வந்திருக்கேன், காலேஜ் பிசிக்ஸ் லேப்ல முதல் வாரமே வர்ற சிம்பிள் பெண்டுலம். ஒரு மீட்டர் நூல், கீழ ஒரு உலோக குண்டு, கையில ஒரு ஸ்டாப் வாட்ச். 20 ஆட்டத்துக்கு எத்தனை செகண்ட்னு அளக்கணும், அதை அஞ்சு தடவை செய்யணும், சராசரி எடுக்கணும், அதுலேர்ந்து புவியீர்ப்பு முடுக்கம், அதாவது ஜி, கண்டுபிடிக்கணும். இதை செஞ்சவங்க நிறைய பேர் இப்ப கேட்டுக்கிட்டு இருப்பீங்க.

சரி, அஞ்சு ரீடிங் வந்தாச்சுன்னு வச்சுக்குவோம். 40.1, 40.3, 40.0, 40.2, 40.4. சராசரி 40.2 செகண்ட். இதுவரைக்கும் யாருக்கும் சண்டை இல்ல. ரெக்கார்டு நோட்ல அதுக்கு பக்கத்துல பிளஸ் ஆர் மைனஸ் போட்டு ஒரு நம்பர் எழுதணும்ல, அங்கதான் கூத்து ஆரம்பிக்கும். ஒருத்தர் வாட்ச்ல இருக்கற சின்ன கோடு 0.1, அதனால 0.1னு எழுதுவார். இன்னொருத்தர் கால்குலேட்டர்ல ஸ்டாண்டர்ட் டீவியேஷன் போட்டு 0.16. மூணாவது ஆள் அதை ரூட் அஞ்சால வகுத்து 0.07. நாலாவது ஆள் கொஞ்சம் படிச்சவர், ஒவ்வொரு ரீடிங்குக்கும் 0.1 பிழை இருக்கு, அஞ்சையும் கூட்டி அஞ்சால வகுக்கறோம், அப்ப பிழை எப்படி பரவும்னு ஃபார்முலா போட்டு 0.045னு கொண்டு வருவார். ஒரே டேபிள், நாலு பதில்.

இதுல 0.16ங்கறது தப்பான நம்பர் இல்ல, ஆனா அது வேற கேள்விக்கு பதில். இன்னும் ஒரே ஒரு ரீடிங் எடுத்தா அது சராசரியிலேர்ந்து எவ்வளவு தள்ளி விழும், அதைத்தான் அது சொல்லுது. அம்பது ரீடிங் எடுத்தாலும் அது கிட்டத்தட்ட 0.16ஆவேதான் இருக்கும், ஏன்னா அது உங்க கையோட குணம், பட்டனை அமுக்கறதுல இருக்கற தடுமாற்றம். நமக்கு வேண்டியது சராசரியை பத்தின கேள்வி. நாளைக்கு திரும்ப வந்து இதே மாதிரி அஞ்சு எடுத்து சராசரி போட்டா அது 40.2லேர்ந்து எவ்வளவு நகரும்? அதுக்கு பதில்தான் ஸ்டாண்டர்ட் எரர், 0.07.

ஏன் ரூட் அஞ்சு, ஏன் சும்மா அஞ்சால வகுக்கலன்னு கேப்பாங்க. அஞ்சு ரீடிங்கை கூட்டறோம், ஒவ்வொண்ணுலயும் 0.16 தடுமாற்றம் இருக்கு. எல்லாமே ஒரே பக்கம் தப்பா போயிருந்தா கூட்டுத்தொகையில 0.8 தப்பு வரணும். ஆனா ஒண்ணு மேல போகும்போது இன்னொண்ணு கீழ போகுது, பாதி அடிபட்டுடுது, அதனால வர்க்கங்களை கூட்டி ரூட் எடுக்கறோம், சுமார் 0.35 வருது. அதை அஞ்சால வகுத்தா 0.07. அவ்வளவுதான். அதாவது ஸ்டாண்டர்ட் எரர்ங்கறதே பிழை பரவல் கணக்குதான், தனியா ஒரு மந்திரம் இல்ல.

அப்ப நாலாவது ஆளுக்கு ஏன் 0.045 வந்துது? அவர் போட்ட ஃபார்முலா சரி, உள்ள போட்ட நம்பர்தான் சரியில்ல. 0.1ங்கறது வாட்ச் முகத்துல இருக்கற கோடு, உண்மையில ரீடிங்கை ஆட்டி வைக்கறது விரல். விரலோட ஆட்டம் டேபிள்லயே தெரியுது, 0.16. அதை அதே ஃபார்முலால போட்டா அதே 0.07 வரும். சில பேர் ரெண்டையும் சேர்த்து, 0.07ம் 0.045ம் வர்க்கம் கூட்டி ரூட்னு போடுவாங்க, அது ஒரே பிழையை ரெண்டு தடவை எண்றது, ஏன்னா வாட்ச் முள்ளு எந்த கோட்டுல நிக்குதுங்கற சந்தேகமும் அந்த அஞ்சு நம்பரோட சிதறல்லயே ஏற்கனவே கலந்துதான் இருக்கு.

இதுக்கு எதிர் கேஸும் ஒண்ணு உண்டு. அஞ்சு தடவையும் 40.2, 40.2, 40.2ன்னே வருதுன்னு வைங்க. டீவியேஷன் பூஜ்யம், ஸ்டாண்டர்ட் எரர் பூஜ்யம், ஆஹா பிழையே இல்லன்னு எழுத முடியுமா? முடியாது. வாட்ச் அதைவிட நுணுக்கமா காட்டலங்கறதுதான் அதுக்கு அர்த்தம். உண்மை நேரம் 40.15க்கும் 40.25க்கும் நடுவுல எங்க வேணா இருக்கலாம். அந்த மாதிரி சமயத்துல 0.1ஐ ரூட் 12ஆல வகுத்து சுமார் 0.03னு போடுவாங்க, இதை ரூட் அஞ்சால வகுக்க கூடாது, ஏன்னா அஞ்சு ரீடிங்கும் ஒரே பக்கம்தான் ரவுண்ட் ஆகியிருக்கு, ஒண்ணை ஒண்ணு அடிக்கல.

இங்கதான் விஷயமே இருக்கு. ரூட் எண்ணிக்கையால குறையறது, ரீடிங்குக்கு ரீடிங் மாறற பிழை மட்டும். எல்லா ரீடிங்குலயும் ஒரே மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கற பிழைக்கு நீங்க அஞ்சு எடுத்தாலும் அஞ்சாயிரம் எடுத்தாலும் ஒண்ணுதான்.

இதை ஜி வரைக்கும் கொண்டு போய் பாப்போம். ஒரு ஆட்டத்துக்கு 2.01 செகண்ட். நூல் நீளம், அதாவது தொங்கற இடத்துலேர்ந்து குண்டோட மையம் வரைக்கும், 1.000 மீட்டர். ஜி 9.77னு வருது. பிழை என்ன? நேரத்துல 40.2க்கு 0.07, சதவீதத்துல சுமார் 0.18. ஃபார்முலால நேரம் வர்க்கமா வர்றதால அது ரெட்டிப்பாகி 0.35 சதவீதம் ஆகுது. நீளத்துல குண்டோட மையம் எங்க, நூலை எந்த இடத்துல பிடிச்சிருக்குங்கற சந்தேகம் எல்லாம் சேர்த்து 2 மில்லிமீட்டர்னு வச்சுக்கிட்டா 0.2 சதவீதம். ரெண்டையும் வர்க்கம் கூட்டி ரூட் எடுத்தா 0.4 சதவீதம். ஜி 9.77, பிளஸ் ஆர் மைனஸ் 0.04. சென்னையில ஜி 9.78, அப்ப நம்ம பதில் நல்ல பதில்தான்.

இப்ப ஒரு ஆர்வக்கோளாறு பையன் அஞ்சுக்கு பதிலா 100 ரீடிங் எடுக்கறான். நேரத்தோட ஸ்டாண்டர்ட் எரர் 0.016ஆ இறங்கிடும், ஜி கணக்குல 0.08 சதவீதம்தான். ஆனா நீளத்தோட 0.2 சதவீதம் அப்படியே உக்காந்திருக்கு, ஏன்னா நூறு தடவையும் அதே நூல், ஒரு தடவை அளந்த அதே நீளம். மொத்தம் 0.22. இருபது மடங்கு வேலை செஞ்சு பிழை பாதிதான் ஆச்சு, இதுக்கு மேல ஆயிரம் எடுத்தாலும் 0.2க்கு கீழ போகாது. அந்த நேரத்துல நீளத்தை இன்னொரு தடவை ஒழுங்கா அளந்திருக்கலாம்.

அதைவிட கெட்டிக்காரத்தனம் ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. 20 ஆட்டம் அஞ்சு தடவைன்னா மொத்தம் 100 ஆட்டம். அதை நிறுத்தாம ஒரே ஓட்டமா 100 ஆட்டம் எண்ணி ஒரு தடவை மட்டும் அளந்தா என்ன ஆகும்? விரல் தடுமாற்றம் ஆரம்பத்துல ஒண்ணு, முடிவுல ஒண்ணு, அதே 0.16தான், ஆனா இப்ப அது 100 ஆட்டத்துக்கு பிரியுது. ஒரு ஆட்டத்துக்கு 0.0016 செகண்ட். அஞ்சு தடவை பிரிச்சு எடுத்தப்ப 0.0035. அதே மூணரை நிமிஷம், ரெண்டு மடங்குக்கு மேல நல்ல பதில். ஆனா ஒரே ஒரு ரீடிங் இருந்தா அந்த 0.16ங்கற நம்பர் உங்களுக்கு தெரியவே வராது, எண்றதுல ஒரு ஆட்டம் விட்டுட்டா அதையும் கண்டுபிடிக்க முடியாது, அதனால நான் சொல்றது 100 ஆட்டத்தை மூணு தடவையாவது எடுங்க.

போற போக்குல இன்னொண்ணு. அஞ்சு ரீடிங்லேர்ந்து வந்த டீவியேஷனே ஒரு குத்துமதிப்புதான், அதுலயே சுமார் 35 சதவீதம் ஆட்டம் இருக்கு, அதனால 0.0707னு நாலு தசமம் எழுதறதை பாத்தா எனக்கு சிரிப்புதான் வரும். 95 சதவீதம் நிச்சயம்னு சொல்லணும்னா வழக்கமா சொல்ற 1.96ஆல பெருக்கினா போதாது, அஞ்சு ரீடிங்குக்கு 2.78ஆல பெருக்கணும், 40.2 பிளஸ் ஆர் மைனஸ் 0.2. இந்த சின்ன எண்ணிக்கை கணக்கை 1908ல போட்டவர் வில்லியம் காசெட், டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனியில வேலை பாத்தவர், ஸ்டூடன்ட்ங்கற புனைபேர்ல வெளியிட்டார்.

எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டு இருக்கற பிழைன்னு சொன்னேன்ல, அதுல பெரிய ஆளுங்களே மாட்டியிருக்காங்க. எலக்ட்ரானோட சார்ஜை எண்ணெய்த் துளி வச்சு அளந்த ராபர்ட் மில்லிகன் 1913ல 58 துளிகளோட கணக்கை வெளியிட்டார், அந்த காலத்து யூனிட்ல 4.774, பிளஸ் ஆர் மைனஸ் 0.009. இன்னிக்கு நமக்கு தெரிஞ்ச மதிப்பு 4.803. அவர் சொன்ன பிழையைப் போல மூணு மடங்கு தள்ளி இருக்கு. துளிக்கு துளி பெரிசா சிதறலே இல்ல, அளந்தது அவ்வளவு நேர்த்தி. கோளாறு எங்கன்னா, துளி காத்துல விழற வேகத்துலேர்ந்து அதோட சைஸை கண்டுபிடிக்க காத்தோட பாகுநிலை, அதாவது விழற துளியை காத்து எவ்வளவு இழுத்துப் பிடிக்குதுங்கறது, எவ்வளவுன்னு தெரியணும், அந்த ஒரு நம்பர் சுமார் 0.4 சதவீதம் குறைவா இருந்துது. சார்ஜ் கணக்குல அது ஒண்ணரை அடுக்கா வர்றதால 0.6 சதவீதமா வீங்கிடுச்சு. 58 துளிக்கும் அதே நம்பர்தான் போட்டிருக்கு, அப்ப 58 துளியையும் ஒண்ணோட ஒண்ணு வச்சு எப்படி பாத்தாலும் அது வெளிய தெரியாது.

கடைசியில அது பிடிபட்டது வேற ஒரு வழியில. எக்ஸ்ரே அலைநீளத்தை கோடு போட்ட கிரேட்டிங் வச்சு நேரடியா அளந்து, அதுலேர்ந்து கிரிஸ்டல் கணக்கு போட்டு எலக்ட்ரான் சார்ஜுக்கு வந்தாங்க, அந்த பதில் மில்லிகனோட பதிலோட ஒத்துப்போகல, யாரு தப்புன்னு கிளறி பாத்து 1930கள்ல காத்தோட பாகுநிலையை திரும்ப அளந்தாங்க. உங்க பெண்டுலத்துக்கும் இதேதான் வழி. வாட்ச்சை மாத்துங்க, நூலை அவுத்துட்டு வேற நீளத்துல கட்டுங்க, நீளத்தை பக்கத்து டேபிள்காரரை அளக்க சொல்லுங்க, ஆனா நீங்க அளந்த நம்பரை அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடாதீங்க. ரெண்டு ஜியும் அந்த 0.04ஐப் போல பல மடங்கு தள்ளி நின்னா திரும்ப பாக்க வேண்டியது அஞ்சு ரீடிங் டேபிளை இல்ல, நூலையும் ஸ்கேலையும் வாட்ச்சையும்தான். நன்றி, வணக்கம்.