தக்காளியில் இலைச்சுருட்டை: மருந்தடித்தும் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: "வாழப்பாடி பக்கம் ஒரு ஏக்கர் தக்காளி நட்டு 12 நாள் ஆச்சுங்க. அங்கங்க இலை சுருண்டு குருத்து மஞ்சளாகுது. ஒட்டினாப்ல மரவள்ளி, அதுல வெள்ளை ஈ நிறைய. அதுலருந்துதான் வருதா? எந்த மருந்து அடிக்கலாம்?"

மரவள்ளி மேல பழி போட வேண்டாங்க. தக்காளி இலைச்சுருட்டை ஒரு வைரஸ் நோய். மரவள்ளியில வர்ற தேமல் வேற வைரஸ், அது தக்காளியைப் பிடிக்காது. இலைக்கு அடியில மெழுகுப்பஞ்சு மாதிரி வட்டம் வட்டமா இருந்தா அது சுருள் வெள்ளை ஈ. தக்காளிச் சுருட்டையை அது பரப்பறதில்லை. நம்ம சுருட்டையைப் பரப்பறது சின்ன வெள்ளை ஈ, ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதுவும் நோய் வந்த தக்காளியிலயோ களையிலயோ சாறு உறிஞ்சினாத்தான் வைரஸ் அதுக்குள்ள போகும்.

நீங்க சொன்னதுல எனக்கு முக்கியமாப் பட்டது அந்த 12 நாள். வைரஸ் உள்ள போனப்புறம் சுருட்டை கண்ணுக்குத் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும். இன்னைக்குத் தெரியுதுன்னா, பின்னாடி எண்ணிப் பாருங்க. அந்தச் செடி உங்க காட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே, நாத்தங்கால்லயே, நோயை வாங்கிட்டு வந்திருக்கு. சுருண்ட செடி ஒரு ஓரமா சேர்ந்தில்லாம காடு முழுக்கச் சிதறி இருக்குன்னாலும் அதே அர்த்தந்தான். நட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆகி, ஒரு வரப்போரத்துல ஆரம்பிச்சு உள்ள வந்தா, அப்ப பக்கத்துக் காட்டைப் பாக்கணும். அதனால என்ன மருந்துங்கறதுக்கு முன்னாடி, நாத்து எங்க வளந்துச்சுன்னு கேட்டிருக்கணுங்க.

மருந்து அடிச்சாலும் சுருட்டை ஏன் நிக்கறதில்லை? ஈ நோய்ச்செடியில அரைமணி நேரம் போல உறிஞ்சினாப் போதும். அந்த வைரஸ் அதோட குடல் வழியா ரத்தத்துக்குப் போய், எச்சில் சுரப்பிக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகும். அப்புறம் அந்த ஈ சாகற வரைக்கும் பெரும்பாலும் பரப்பிக்கிட்டேதான் இருக்கும். நல்ல செடிக்குக் கொடுக்கவும் அதே அரைமணிதான். நீங்க மருந்து அடிச்சா ஈ சாயங்காலம் சாகும், ஆனா காலையிலயே வைரஸைக் கொடுத்துட்டுப் போயிருக்கும். ஈ செத்தாலும் செடிக்குள்ள போன வைரஸ் போகாது. செயற்கை பைரித்ராய்டு மருந்தைத் திரும்பத் திரும்ப அடிச்சா, ஈயைத் தின்னற பூச்சிதான் முதல்ல சாகுது, ஈ பெருகுது.

இப்ப இருக்கற காட்டுக்கு: சுருண்ட செடியை விடிகாலையில எடுங்க, அப்ப ஈ மந்தமா இருக்கும். வெறுங்கையால பிடுங்கி உதறினா ஈ பக்கத்துச் செடிக்குப் பறந்துடும். பாலிதீன் பையைச் செடி மேல கவுத்து, அடியில வாயை இறுக்கிப் பிடிச்சுட்டு, அப்புறம் வேரோட பிடுங்கி, காட்டுக்கு வெளிய புதைச்சுடுங்க. வாரம் ரெண்டு தடவை பாத்து, நட்டு 45 நாள் வரைக்கும் இதைச் செய்யணும். காய் பிடிச்சப்புறம் வர்ற சுருட்டையில இழப்பு குறைவு, அந்தச் செடியைப் பிடுங்க வேண்டாம். எடுத்துட்டு, தயமீதாக்சம் 25 டபிள்யூ.ஜி. லிட்டருக்கு 0.4 கிராம், இலைக்கு அடிப்பக்கம் படற மாதிரி ஒரு தடவை. அதையே தொடர்ந்து அடிச்சா ஈக்குப் பழகிடும். அடுத்த தடவை வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சேத்து, வெயில் தாழ அடிங்க.

அடுத்த நடவுக்கு நாத்தங்காலைத்தான் கெட்டிப்படுத்தணும். இங்கதான் நிறையப் பேர் ஏமாந்து போறாங்க. கடையில 50 சதவீத பச்சை நிழல்வலையை வாங்கிட்டு வந்து போடறாங்க. அது வெயிலைப் பாதி மறைக்கும், ஈ தாராளமா நுழையும். நமக்கு வேணுங்கறது 50 மெஷ் நைலான் வலை, அதாவது ஒரு அங்குலத்துக்கு 50 கண்ணு. விதைச்ச அன்னைக்கே வளைவுக் கம்பி மேல போட்டு, விளிம்பைச் சுத்திலும் மண்ணுல புதைங்க. வலை இலையைத் தொடக்கூடாது, தொட்டா ஈ வெளியிலருந்தே உறிஞ்சும். தக்காளி நாத்து 25 நாள், மிளகாய் 40 நாள், நடற வரைக்கும் வலை மூடியே இருக்கணும். களையெடுக்கத் திறந்தா உடனே மூடணும். சந்தையில வாங்கற குழித்தட்டு நாத்தா இருந்தா, அந்தப் பண்ணையில வலை இருக்கா, பக்கத்துல பழைய தக்காளி நிக்குதான்னு நேர்ல போய்ப் பாருங்க. அறுவடை முடிஞ்ச பழைய தக்காளி நிக்கற இடத்துக்குப் பக்கத்துல நாத்து விடவே கூடாது.

ஈ உள்ள வராமத் தடுக்க, காட்டைச் சுத்தி மக்காச்சோளம் ரெண்டு மூணு வரிசை, நடறதுக்கு 15 நாள் முன்னாடியே விதைச்சுடுங்க. தக்காளி நட்டப்புறம் விதைச்சா, ஆபத்தான முதல் மாசத்துல அது முழங்கால் உயரத்துலதான் நிக்கும்.

மிளகாய்க்கும் இதே முறைதான், ஆனா மருந்து எடுக்கறதுக்கு முன்னாடி இலையைத் திருப்பிப் பாருங்க. கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டா அது சிலந்திப்பேன். மேல்நோக்கிச் சுருண்டு, அடியில பழுப்புத் தழும்பு இருந்தா இலைப்பேன். தழும்பு இல்லாம நரம்பு தடிச்சு, இலை சிறுத்து, செடி குட்டையாக் கொத்தா நின்னா அதுதான் வைரஸ். அந்தச் செடிக்குத்தான் பாலிதீன் பை.