பப்பாளி இலைச் சாறு குடிச்சா பிளேட்லெட் ஏறுதே, அது ஆதாரம் இல்லையா?

கேள்வி: சார், எங்க அக்கா பையனுக்கு டெங்கு. அஞ்சாம் நாள் பிளேட்லெட் 42 ஆயிரம். அன்னிக்கே பப்பாளி இலைச் சாறு குடுக்க ஆரம்பிச்சோம், எட்டாம் நாள் 95 ஆயிரம். கண்ணு முன்னாடி ஏறுச்சு. இத எப்படி ஆதாரம் இல்லைங்கறீங்க?

பையன் தேறினதுல சந்தோஷம். பிளேட்லெட்டும் நிஜமாவே ஏறியிருக்கு, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. நமக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான். சாறு குடுக்காம விட்டிருந்தா எட்டாம் நாள் எவ்வளவு இருந்திருக்கும்? அந்த எண்ணிக்கை உங்க ஃபைல்ல இல்ல, டாக்டர்கிட்டயும் இல்ல. சாறு குடிச்ச பையனையும் குடிக்காத அதே பையனையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சுப் பாக்க முடியாதே. ஆனா "சாறு ஏத்துச்சு"ன்னு சொல்றப்போ அந்த இல்லாத எண்ணிக்கையோடதான் நீங்க மனசுக்குள்ள ஒப்பிடறீங்க. அது 42 ஆயிரத்துலயே நின்னிருக்கும், இல்ல இன்னும் கீழ போயிருக்கும்னு நெனச்சுக்கறீங்க. அந்த நினைப்பு சரியான்னு மட்டும் பாப்போம்.

அதுக்கு டெங்கு தானா எப்படிப் போகும்னு தெரியணும். காய்ச்சல் ஆரம்பிச்ச நாள்தான் முதல் நாள். ஆஸ்பத்திரியில சேத்த நாள் இல்ல, இதுல நிறைய பேர் கணக்க விட்டுடறாங்க. முதல் ரெண்டு மூணு நாள் காய்ச்சல் கொளுத்தும், ஆனா பிளேட்லெட் ஓரளவுக்கு நல்லாத்தான் இருக்கும். மூணு, நாலாம் நாள்லேர்ந்து இறங்க ஆரம்பிக்கும். எலும்பு மஜ்ஜையில நடக்கற உற்பத்திய வைரஸ் அடக்கி வெச்சிருக்கு. ரத்தத்துல ஏற்கெனவே ஓடிட்டிருக்கற பிளேட்லெட்டையும் நம்ம எதிர்ப்புச் சக்தியே சேத்து அழிக்குது. வரவு கொறஞ்சு செலவு கூடினா இருப்பு சரியத்தானே செய்யும். அஞ்சுலேர்ந்து ஏழாம் நாளுக்குள்ள அடிமட்டத்துக்கு வந்துடும். அதுக்குள்ள உடம்பு வைரஸ ரத்தத்துலேர்ந்து பெரும்பாலும் வெளியேத்திடும், மஜ்ஜையும் மறுபடி வேலைக்கு வந்துடும். அப்புறம் ஏற்றம். அந்த ஏற்றம் மெதுவாவும் இருக்காது, சில பேருக்கு ஒரே நாள்ல முப்பது நாப்பதாயிரம் கூடும்.

ஒரு மாதிரிக் கணக்கு சொல்றேன், எழுதிக்கங்க. எந்தச் சாறும் குடிக்காத ஒருத்தருக்கு மூணாம் நாள் 1,60,000. நாலாம் நாள் 90,000. அஞ்சாம் நாள் 42,000. ஆறாம் நாள் 35,000. ஏழாம் நாள் 48,000. எட்டாம் நாள் 95,000. ஒம்பதாம் நாள் 1,40,000. டெங்கு வார்டுல சர்வசாதாரணமா பாக்கற போக்குதான் இது. இதுல அஞ்சாம் நாளுக்குப் பக்கத்துல "இங்க சாறு குடுத்தோம்"னு எழுதிப் பாருங்க. ஒரு எண்ணைக் கூட மாத்த வேண்டாம், உங்க பையனோட கதை அப்படியே வந்துடும்.

ஏன் சரியா அந்த அஞ்சாம் நாள்? மூணாம் நாள், ஒண்ணரை லட்சத்துக்கு மேல இருக்கறப்போ யாரும் பப்பாளி மரத்தத் தேடி ஓடறதில்ல. ரிப்போர்ட்ல 42 ஆயிரம்னு பாத்துட்டு, வீடே பதறி, யாரோ ஒரு பெரியம்மா ஃபோன்ல சொல்லி, அப்புறம்தான் இலை பறிக்கறாங்க. அதாவது சாறு ஆரம்பிக்கற நாளத் தீர்மானிக்கறதே பிளேட்லெட் அடிமட்டத்துக்குப் பக்கத்துல வந்துடுச்சுங்கறதுதான். இதக் காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைன்னு சொல்லிட்டுப் போறவங்க உண்டு. நான் அத முழுசா ஒத்துக்க மாட்டேன். பழமொழியில காக்கா வந்தது தற்செயல். இங்க அப்படி இல்ல. பழம் விழற பருவம் பாத்துத்தான் இந்தக் காக்கா வருது. அதனாலதான் பத்து வீட்டுல கேட்டா பத்து வீட்டுலயும் "குடுத்தோம், ஏறுச்சு"ன்னு சொல்றாங்க. அந்தப் பத்துப் பேரும் பொய் சொல்லல. எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரி நாள்ல ஆரம்பிச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, உங்க வீட்டுலயே ஆறாம் நாள் என்ன பேசினாங்கன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. சாறு குடுத்த மறுநாள் எண்ணிக்கை இன்னும் கொறஞ்சிருந்தா "சாறு வேலை செய்ய நேரம் வேணும், ரெண்டு வேளையா குடுங்க"ம்பாங்க. அதே அளவுல நின்னிருந்தா "மேல இறங்க விடாம பிடிச்சு நிறுத்திடுச்சு"ம்பாங்க. ஏறியிருந்தா கேக்கவே வேண்டாம். மூணுல எது நடந்தாலும் சாறுதான் ஜெயிக்குது. என்ன நடந்திருந்தா "இந்தச் சாறு வேலை செய்யல"ன்னு ஒத்துக்கிட்டிருப்பீங்க? அதுக்கு முன்கூட்டியே ஒரு பதில் இல்லேன்னா, நீங்க பாத்தது சோதனையே கிடையாது.

அதே மூணு நாள்ல டிரிப்ஸ் ஏறியிருக்கும், பாராசிட்டமால் போயிருக்கும், இளநீர், கிவிப் பழம், சில வீட்டுல ஆட்டுப்பால், நிலவேம்புக் கஷாயம். கேரளாவுலயோ வட இந்தியாவுலயோ இருக்கற வீட்டுல இந்தப் பட்டியல் வேற மாதிரி இருக்கும். எண்ணிக்கை ஏறறதுக்குச் சற்று முன்னாடி கடைசியா எது உள்ள போச்சோ அதுக்குத்தான் பேர். சரியான சிகிச்சை கெடச்சா டெங்குல இறப்பு நூத்துக்கு ஒண்ணுக்கும் கீழன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அப்படின்னா நூறு பேருக்கு எந்த இலையக் குடுத்தாலும் தொண்ணூத்தொம்பது பேர் எழுந்து வந்து அந்த இலையப் பத்திப் பேசுவாங்க.

ரிப்போர்ட்லயே ஒரு சிக்கல் இருக்கு, இது பலருக்குத் தெரியாது. பிளேட்லெட் பாக்க ஊதா மூடி குழாய்லதான் ரத்தம் எடுப்பாங்க. அதுல ரத்தம் உறையாம இருக்க இ.டி.டி.ஏ.ன்னு ஒரு ரசாயனம் இருக்கும். சில பேரோட பிளேட்லெட் அந்த ரசாயனம் பட்டதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடும். ரத்தம் எடுக்கறப்போ சிரமப்பட்டு, சரியா கலக்காம விட்டாலும் ஒட்டும். மிஷினுக்கு அந்தக் கட்டி ஒரு பிளேட்லெட்டா தெரியாது, கணக்குலேர்ந்து விட்டுடும். நிஜத்துல 90 ஆயிரம் இருக்கறவருக்கு 40 ஆயிரம்னு வரும். மறுநாள் நல்ல மாதிரி எடுத்தா 90 ஆயிரம்னு வரும். நடுவுல குடிச்ச சாறு, உடம்புல எதுவுமே மாறாத ஒரு ஏற்றத்துக்குப் பேர் வாங்கிட்டுப் போயிடும். சந்தேகம் இருந்தா லேப்ல ஸ்மியர் பாக்கச் சொல்லுங்க, கண்ணாடித் தகட்டுல கட்டி நேரடியாத் தெரியும். இல்லேன்னா நீல மூடி சிட்ரேட் குழாய்ல திரும்ப எடுக்கச் சொல்லலாம். அப்புறம், ஒரு லேப்ல 42, இன்னொரு லேப்ல 48ன்னு வந்தா அத ஏற்றம்னு எடுத்துக்காதீங்க. அந்த அளவு வித்தியாசம் மிஷினுக்கு மிஷின் வரும்.

உடனே ஒருத்தர் கேப்பாரு, "அப்போ முன்னாடி பின்னாடி பாக்கறதே தப்பா?"ன்னு. இல்ல. சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கமா கெடக்கறவருக்கு நரம்பு வழியா குளுக்கோஸ் ஏத்தினா சில நிமிஷத்துல கண்ணத் தொறக்கறாரு. ஒப்பீடு எதுவும் வேண்டாம், அத நம்பலாம். காரணம் என்னன்னா, அந்த மயக்கம் அதே நிமிஷத்துல தானா தெளியறது அபூர்வம். பலன் உடனே தெரியுது, எத்தனை பேருக்குச் செஞ்சாலும் அதே நேரக் கணக்குல திரும்பத் திரும்ப வருது. டெங்கு, சளி, மூட்டு வலி, அக்கி இதெல்லாம் அப்படி இல்ல. தானா சரியாகும், இல்லேன்னா ஏறி இறங்கும். இந்த மாதிரி நோய்ல ஒருத்தரோட முன்-பின் எண்ணிக்கை கிட்டத்தட்ட எதையும் சொல்லாது.

சாறு வேலையே செய்யாதுன்னு நான் சொல்ல வரல. உங்க பையனோட ரிப்போர்ட்ட வெச்சு அத முடிவு பண்ண முடியாதுங்கறேன். முடிவு பண்ற வழி, நோயோட ஒரே கட்டத்துல இருக்கறவங்கள குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சு, ரெண்டு பக்கமும் அதே டிரிப்ஸ், அதே கவனிப்பு குடுத்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் சாறு குடுக்கறது. மலேசியாவுல கிள்ளான்ல அப்படி ஒண்ணு செஞ்சாங்க, 2013ல வெளியாச்சு. 228 நோயாளிகள், ஒரு பிரிவுக்கு 50 கிராம் இலையப் பிழிஞ்ச சாறு தினம் ஒரு வேளை, மூணு நாள். சாறு குடிச்சவங்களுக்கு எண்ணிக்கை வேகமா ஏறுச்சுன்னு முடிவு வந்துச்சு. உங்க வீட்டு அனுபவத்த விட இது எவ்வளவோ பெரிய சான்று, அத மறைக்கக் கூடாது. ஆனா மத்த பிரிவுக்குப் போலிச் சாறு குடுக்கல, யார் குடிக்கறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மேல, எண்ணிக்கை ஏறினா ஆள் பிழைப்பாரான்னு ஒரு கேள்வி தனியா இருக்கு. 2017ல லான்செட் மருத்துவ இதழ்ல சிங்கப்பூர், மலேசியா ஆய்வு ஒண்ணு வந்துச்சு. 20 ஆயிரமும் அதுக்குக் கீழயும் பிளேட்லெட் இருந்த, பெருசா ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிகள்ல ஒரு பிரிவுக்கு நேரடியா பிளேட்லெட்டையே ஏத்தினாங்க. ரத்தக்கசிவு கொறையல, பக்க விளைவுதான் கூடுச்சு. பிளேட்லெட்டையே ஊத்தியும் பலன் இல்லேங்கறப்போ, அந்த எண்ணிக்கைய இலையால ஏத்தறதுல எவ்வளவு லாபம்னு யோசிங்க.

டெங்குல ஆளக் கொல்றது பெரும்பாலும் ரத்தக் குழாய்லேர்ந்து நீர் கசியறதுதான். அது எப்போ நடக்குங்கறதுதான் இங்க முக்கியம். காய்ச்சல் விடற நேரத்த ஒட்டித்தான், பெரும்பாலும் மூணுலேர்ந்து ஏழாம் நாளுக்குள்ள, அந்தக் கசிவு ஆரம்பிக்கும், ஒண்ணு ரெண்டு நாள் நீடிக்கும். சாறு குடுத்தாச்சு, மறுநாள் உடம்பு குளுந்துடுச்சு, "சாறு காய்ச்சல எறக்கிடுச்சு"ன்னு பையன வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறாங்க. காய்ச்சல் அதோட நாளுக்கு இறங்கியிருக்கு, அவ்வளவுதான். ஆபத்தான நேரம் அப்போதான் தொடங்குது. இந்தத் தப்புக் கணக்குல நான் பயப்படற இடம் இதுதான்.

இலைச் சாறு கடுமையான கசப்பு, குமட்டும், வாந்தி வரும். நிக்காத வாந்தி டெங்குல ஒரு அபாய அறிகுறி. "சாறு குடிச்சதால வாந்தி"ன்னு வீட்டுல விட்டுட்டா, அதே தர்க்கம் ரெண்டாவது தடவையும் ஏமாத்திடும். அதனால குடுத்தே ஆகணும்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் குடுங்க. காய்ச்சல் விட்ட நேரத்தக் கடிகாரம் பாத்து எழுதி வெச்சுக்கங்க. அதுக்கப்புறம் 48 மணி நேரம் பிளேட்லெட்ட விட, ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு சொல்ற ஹிமடோக்ரிட்டப் பாருங்க, அது ஏறிட்டே போனா நீர் கசியுதுன்னு அர்த்தம். கடுமையான வயித்து வலி, அடங்காத வாந்தி, ஈறுலயோ மூக்குலயோ ரத்தம், கை கால் சில்லுனு ஆகறது, நாலஞ்சு மணி நேரமா சிறுநீர் போகாதது, பையன் சோர்ந்து கெடக்கறது இல்லேன்னா காரணமே இல்லாம நிலைகொள்ளாம புரள்றது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் நேரா ஆஸ்பத்திரி. பிளேட்லெட் அன்னிக்கு எவ்வளவு ஏறியிருந்தாலும் சரி.