தேர்க் கூட்டத்தில் ஒரு பிள்ளை "தாத்தா" என்று அழுதால், யாரைத் தேடுவீர்கள்?

[திரையில்: தேர் வடம், மேளக்காரர்கள், வளையல் கடை வரிசை]

தேர் திரும்புகிற முனை. வளையல் கடைக்குப் பக்கத்தில் நாலைந்து வயதுப் பெண் பிள்ளை ஒன்று தனியாக நின்று அழுகிறது. வாயில் ஒரே ஒரு சொல்தான்: "தாத்தா... தாத்தா..."

சொல்லுங்கள், யாரைத் தேடுவீர்கள்? நரைத்த தலையும் வெள்ளை வேட்டியுமாக ஒரு வயதானவரைத்தானே? நானும் அவரைத்தான் தேடினேன். கால் மணி நேரம் தேடினேன். அப்படி ஒருவர் அந்தத் திருவிழாவுக்கே வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், வீடியோவைப் பாதியில் மூடிவிடாதீர்கள்.

[திரையில்: மலையகத் தேர்த் திருவிழாக் காட்சிகள்]

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு ஐந்து தேர் வீதிக்கு வரும். அந்த மாதிரி நாட்களில் தோட்டங்களில் இருந்து லொறியிலும் பஸ்ஸிலும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். டவுனில் இருக்கும் சிங்களக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் வேடிக்கை பார்க்க வருவார்கள். மலையகத்தில் பெரிய தேர் எங்கே நடந்தாலும் கூட்டம் இப்படிக் கலந்துதான் இருக்கும். நான் சொல்லப்போவது வேறொரு ஊரில் நடந்தது, ஊர் பெயர் வேண்டாம்.

முதலில் நாம் எல்லோரும் கேட்கிற கேள்வியைப் பற்றிப் பேசுவோம். தனியாக நிற்கிற பிள்ளையைக் கண்டதும் வாயில் தானாக வருவது, "அம்மா எங்கே?"

தயவு செய்து அதைக் கேட்காதீர்கள். நம் தோட்டங்களில் எத்தனை பிள்ளைகளின் அம்மாக்கள் சவூதியிலும் குவைத்திலும் வீட்டு வேலை செய்கிறார்கள்? கொழும்பில் வேலைக்கு நின்று தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருகிற அம்மாக்கள் எத்தனை பேர்? அந்தப் பிள்ளையைத் திருவிழாவுக்குக் கூட்டி வந்தது அம்மாயியாக இருக்கும், சித்தியாக இருக்கும், பக்கத்து லயத்து அக்காவாகவும் இருக்கும். ஏற்கெனவே பயந்து நிற்கிற பிள்ளையிடம் போய் "அம்மா எங்கே?" என்றால், நீங்கள் தொடுவது இன்றைய பயத்தை அல்ல, அதைவிடப் பழைய ஒன்றை. அழுகை இரண்டு மடங்காகும், பதில் வராது.

அதற்குப் பதிலாக, "யாரோட வந்தீங்க?" என்று கேளுங்கள். வித்தியாசத்தைப் பாருங்கள். இதற்கு அம்மாவும் பதில், மாமாவும் பதில், "லொறியில வந்தோம்" என்பதும் பதில்தான். லொறியில் வந்த பிள்ளை என்றால் தோட்டத்துப் பிள்ளை. அப்புறம் "எந்தத் தோட்டம்?" என்று கேட்கலாம். விலாசம் தெரியாத பிள்ளைக்கும் தோட்டத்தின் பெயர் தெரிந்திருக்கும். டிவிஷன் பெயரையும் சேர்த்துச் சொல்கிற பிள்ளைகள் உண்டு. அதே தோட்டத்து ஆள் ஒருவரைக் கண்டுபிடித்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

"வந்தீங்க" என்று மரியாதையாகக் கேட்டதையும் கவனித்திருப்பீர்கள். "ஏய், யாரோட வந்தே?" என்பது மேளச் சத்தத்துக்கு நடுவில் அதட்டல் மாதிரிக் கேட்கும். மேளத்துக்கு மேல் பேச நாம் குரலை உயர்த்தித்தானே ஆக வேண்டும்? உயர்த்திய குரலில் "வாங்க, போங்க" இருந்தால் பிள்ளைக்கு அது கோபமாகப் படாது. முடிந்தால் மேளம் ஒரு நிமிடம் ஓயும் வரை பொறுத்துப் பேசுங்கள்.

[திரையில்: பிள்ளையின் கண் உயரத்தில் எடுத்த காட்சி, எங்கும் கால்கள்]

இந்தக் காட்சியை எடுக்க கெமராவை இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு நடந்தேன். ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய மூன்றரை அடி. அந்த உயரத்தில் இருந்து தேரும் தெரியாது, கோபுரமும் தெரியாது. தெரிவது சாரமும் சேலையும் காலும்தான். அதனால் மேலே இருந்து குனிந்து பேசாமல் குந்துங்கள். நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில், இரண்டு முழம் தள்ளி. எதிரே குந்தினால், தன் ஆள் வருவார் என்று பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற திசையை மறைத்துவிடுவீர்கள். கைகள் முழங்கால் மேல், பிள்ளைக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும்.

தூக்காதீர்கள். பாசத்தில்தான் தூக்குகிறோம், எனக்கும் தெரியும். ஆனால் தெரியாத ஆள் தூக்கினால் பிள்ளை கத்தும், கத்துகிற பிள்ளையைத் தூக்கி நிற்கிற உங்களைக் கூட்டம் என்ன நினைக்கும்? இன்னொரு காரணமும் இருக்கிறது. பிள்ளையைத் தவற விட்டவர் முதலில் ஓடி வருவது கடைசியாகப் பார்த்த இடத்துக்கு. நீங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நல்ல மனதோடு கோயில் வாசலுக்குப் போயிருப்பீர்கள். ஒரு பத்து நிமிடமாவது அங்கேயே நில்லுங்கள். வாகனமோ தேரோ வந்து இடம் ஆபத்தாக இருந்தால் மட்டும், அந்த இடம் கண்ணில் படுகிற தூரத்துக்கு, இரண்டு மூன்று எட்டு ஒதுங்குங்கள்.

"அழாதே", "பயப்படாதே" இரண்டையும் விட்டுவிடுங்கள். நீங்கள் யார் என்று சொல்வதுதான் பிள்ளைக்கு உதவும்: "நான் வளையல் கடைக்குப் பக்கத்துல நிக்கிற மாமா. உங்களோட வந்தவங்க வர்ற வரைக்கும் இங்கேயே நிக்கிறேன்."

[திரையில்: வளையல் கடை]

சரி, தாத்தா கதைக்கு வருவோம்.

நான் ஆண் என்பதால் முதலில் வளையல் கடை அக்காவைக் கூப்பிட்டேன். கடை வைத்திருப்பவர் இடத்தை விட்டு நகர மாட்டார், எல்லோருக்கும் தெரிந்தவர், பெண். இதைவிட நல்ல துணை கிடைக்காது. அக்கா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார், நான் குந்தினேன். "பாப்பா, யாரோட வந்தீங்க?"

"தாத்தா."

எனக்கு ஒரே சந்தோஷம். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது! ஓடிப் போய் மைக்கில் சொல்ல வைத்தேன். "பேத்தியைத் தவற விட்ட ஐயா வளையல் கடைக்கு வரவும்" என்று தமிழில் மூன்று தரம் சொன்னார்கள். யாரும் வரவில்லை. கூட்டத்தில் நரைத்த தலை தெரிந்த இடமெல்லாம் போய்க் கேட்டேன். ஒரு பெரியவர் தன் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டே "என் புள்ள இங்க இருக்கே" என்று பதறிவிட்டார்.

திரும்பி வந்தபோது அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பிள்ளை இப்போது இரண்டு சொல் சொல்கிறது என்றார். "தாத்தா கோ? தாத்தா கோ?"

அந்த "கோ"தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. சிங்களத்தில் "கோ" என்றால் "எங்கே". சிங்களத்தில் "தாத்தா" என்றால் அப்பா! பிள்ளை என் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. அதற்கு நான் பேசிய ஒரு சொல்லும் புரியவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு அழுதது, என் காதில் அது பதிலாக விழுந்தது.

இன்னும் ஒன்று கேளுங்கள், எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். இலங்கை முஸ்லிம் வீடுகள் பலவற்றில் "தாத்தா" என்றால் அக்கா. மூத்த சகோதரி! அதாவது ஒரே தேர் முனையில் மூன்று பிள்ளைகள் "தாத்தா" என்று அழுதால், ஒன்றுக்கு எழுபது வயதுப் பெரியவரைத் தேட வேண்டும், இன்னொன்றுக்கு முப்பது வயது அப்பாவை, மூன்றாவதுக்கு பன்னிரண்டு வயது அக்காவை. "அம்மா" என்பதோ தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஒரே சொல், அதை வைத்து மொழியைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் "உம்மா", "வாப்பா" என்றால் உடனே தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் யாரை யார் "தாத்தா" என்று கூப்பிடுகிறீர்கள்? ஊர் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள், எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

அதனால் பிள்ளை சொன்ன உறவுச் சொல்லை நம்பி ஆளைத் தேடாதீர்கள். தமிழில் கேட்டு, முகத்தைப் பாருங்கள். புரிந்த பிள்ளை அழுகையோடாவது தலையை ஆட்டும், கையைக் காட்டும். புரியாத பிள்ளை உங்கள் வாயையே பார்க்கும், அல்லது அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அப்போது சிங்களத்தில் கேளுங்கள்: "புத்தா, கா எக்கத ஆவே?" யாரோடு வந்தாய் என்றுதான் அர்த்தம். "புத்தா" என்றால் மகன், ஆனால் சிங்களத்தில் பெண் பிள்ளையையும் பாசமாக அப்படிக் கூப்பிடுவார்கள்.

அக்கா அதைத்தான் கேட்டார். அழுகை அப்படியே நின்றது. பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னது: "தாத்தா எக்க." அப்பாவோடு.

மைக்குக்கு மறுபடி போனேன். இந்தத் தரம் இரண்டு மொழியிலும் சொல்லச் சொன்னேன், வேறு விதமாகவும் சொல்லச் சொன்னேன். பிள்ளையின் பெயர், வயது, சட்டை நிறம் எதையும் மைக்கில் சொல்லக் கூடாது. சொன்னால் அதைக் கேட்ட யார் வேண்டுமானாலும் வந்து உரிமை கொண்டாடலாம். "ஒரு பிள்ளை இருக்கிறது, தேடுகிறவர்கள் வந்து அடையாளம் சொல்லுங்கள்" என்பதே போதும். ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவதும் வேண்டாம், அதே காரணம்தான்.

யாருமே வராவிட்டால் பொலிஸிடம் சொல்லுங்கள், 119. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் பேசலாம், காசு இல்லை. ஆனால் பொலிஸ்காரர் வரும் முன் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: "பொலிஸ் மாமா வர்றாங்க, தேடுறதுக்கு உதவி செய்ய." நாம்தான் வீட்டில் "சாப்பிடாட்டி பொலிஸ்ல புடிச்சுக் குடுப்பேன்" என்று மிரட்டி வைத்திருக்கிறோமே.

[திரையில்: மீண்டும் வளையல் கடை]

நாங்கள் பொலிஸைக் கூப்பிட வேண்டி வரவில்லை. தோளில் ஒரு கைக்குழந்தையோடு, வேர்த்து நனைந்து, இளம் ஆள் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். பிள்ளையை நோக்கிக் கை நீட்டினார். அக்கா நடுவில் நின்றுகொண்டு, பிள்ளையின் பெயரையும் போட்டிருக்கிற உடையையும் கேட்டார். அவர் சரியாகச் சொன்னார். அப்புறம் அக்கா பிள்ளை பக்கம் திரும்பினார். "இது அப்பாவா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பயந்த பிள்ளை எதற்கும் தலையாட்டிவிடும். "மே கவுத?" என்று மட்டும் கேட்டார். இது யார்?

பிள்ளை ஏற்கெனவே அவர் காலைக் கட்டிக்கொண்டிருந்தது. "தாத்தா" என்றது.